‘பஸ் போயிருக்கும்’: காலமா, நிலையா, பாங்கா?

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் தமிழ் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி அனுப்பிய கேள்வி இது. பயிற்சித்தாளில் ‘பொள்ளாச்சி பஸ் இந்நேரம் போயிருக்கும்’ என்ற வாக்கியத்துக்குக் காலம் கேட்டிருந்தார்கள். விடைக்குறிப்பில் ‘எதிர்காலம்’ என்று இருந்தது. ‘போய்விட்டது என்று நினைத்துத்தானே அப்படிச் சொல்கிறோம்? அது எப்படி எதிர்காலம் ஆகும்?’ என்கிறார் அவர்.

அவர் சந்தேகப்பட்டது சரி. விடைக்குறிப்பு எழுதியவர் ‘உம்’ என்ற விகுதியைப் பார்த்ததும் எதிர்காலம் என்று போட்டுவிட்டார். வினைச்சொல்லில் மூன்று தனித்தனிச் செய்திகள் இருக்கலாம் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. செயல் எப்போது நடந்தது என்பது ஒன்று, அதுதான் காலம். முடிந்துவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா, வழக்கமாக நடப்பதா என்பது இரண்டாவது. ஆங்கில வகுப்பில் ஆஸ்பெக்ட் என்பார்கள். இங்கே நிலை என்போம். சொல்பவர் அதை உறுதியாகச் சொல்கிறாரா, ஊகிக்கிறாரா, ஏவுகிறாரா, வேண்டும் என்கிறாரா என்பது மூன்றாவது. அது மூட், இங்கே பாங்கு.

இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பகுப்பு பள்ளியிலேயே தெரிந்தது என்பதால் நேரே சிக்கலான இடத்துக்குப் போவோம்.

‘போயிருக்கும்’ என்பதைப் பிரித்தால் ‘போய்’, ‘இரு’, ‘உம்’ என மூன்று துண்டுகள் கிடைக்கும். நடுவில் வரும் ‘க்க்’ இங்கே முக்கியமில்லை. ‘போய்’ இறந்தகால வினையெச்சம். அதோடு ‘இரு’ சேர்ந்தால், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நின்று பார்க்கும்போது போதல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று பொருள். அந்த ‘நின்று பார்க்கும் நேரம்’தான் இதில் மிக அழகான பகுதி. ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947-இல், ஒரு வினையைப் புரிந்துகொள்ள இரண்டு நேரங்கள் போதாது, மூன்று வேண்டும் என்று காட்டினார். பேசும் நேரம், செயல் நடந்த நேரம், எங்கிருந்து அந்தச் செயலைப் பார்க்கிறோமோ அந்த நோக்கு நேரம். பெரும்பாலான குழப்பங்கள் இந்த மூன்றாவதைத் தவறவிடுவதால் வருபவை.

நம் பஸ்ஸை வைத்தே பார்க்கலாம். ‘நாளை நீ கொழிஞ்சாம்பாறை வந்து சேர்வதற்குள் பஸ் போயிருக்கும்.’ பேசும் நேரம் இன்று. நோக்கு நேரம் நாளை, நீ வந்து சேரும் கணம். பஸ் போவது அந்தக் கணத்துக்கு முன். இங்கே ‘உம்’ நோக்கு நேரத்தை எதிர்காலத்துக்குக் கொண்டுபோகிறது. ஆகவே காலம் எதிர்காலம், நிலை முடிவுற்றது. விடைக்குறிப்பு இந்த வாக்கியத்துக்கு என்றால் பொருந்தும்.

இப்போது ‘பஸ் நேற்றே போயிருக்கும்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘நேற்று’ என்ற சொல் எதிர்காலத்தோடு ஒட்டாது. ஆனாலும் வாக்கியத்தில் பிழை இல்லை. நோக்கு நேரம் இப்போதுதான், செயல் நேற்று. ‘போய்’, ‘இரு’ இரண்டும் முன்பு செய்த வேலையையே செய்கின்றன. ‘உம்’ மட்டும் வேலையை மாற்றிக்கொண்டது. காலத்தைத் தள்ளுவதற்குப் பதிலாக உறுதியைக் குறைக்கிறது. மாணவியின் வாக்கியத்தில் ‘இந்நேரம்’ என்று இருப்பதால் அதுவும் இந்த வகையே. சொல்பவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை, மணியைப் பார்த்துச் சொல்கிறார். உயர்திணையில் ‘அக்கா போயிருப்பாள்’ என்று ‘ப்ப்’ வரும்போதும் இதே கதைதான்.

இது ஊகம்தானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. வாக்கியத்தின் பின்னால் ‘ஆனால் போகாமலும் இருக்கலாம்’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘பஸ் போயிருக்கும், ஆனால் போகாமலும் இருக்கலாம்’ என்பது இயல்பாக நிற்கும். ‘பஸ் போய்விட்டது, ஆனால் போகாமலும் இருக்கலாம்’ என்றால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் மோதிக்கொள்ளும். மோதினால் உறுதிப் பாங்கு, மோதாவிட்டால் ஊகப் பாங்கு.

இதில் ஓர் இடைநிலையும் உண்டு. சாலை ஓரத்து ஈர மண்ணில் புது டயர் தடத்தைப் பார்த்து ‘பஸ் போயிருக்கிறது’ என்கிறோம். செயலைப் பார்க்கவில்லை, விளைவைப் பார்த்தோம். கண்முன் சான்று இருப்பதால் ‘கிறது’. சான்றே இல்லாமல் நேரக் கணக்கை மட்டும் வைத்துச் சொன்னால் ‘போயிருக்கும்’. விகுதி ஒன்றை மாற்றியதும் சொல்பவரின் ஆதாரம் மாறிவிடுகிறது. தேர்வுத்தாளில் இதற்கு ஒரு கட்டமும் கிடையாது என்பது வருத்தம்தான்.

சித்தூர்ப் பிள்ளைகளுக்கு மலையாளமும் தெரியும் என்பது இங்கே பெரிய வசதி. ‘பஸ் போயிட்டுண்டு’ என்றால் போயாயிற்று. ‘பஸ் போயிட்டுண்டாகும்’ என்றால் போயிருக்கும். முடிவைக் காட்டும் துண்டு அப்படியே நிற்க, ஊகம் ‘ஆகும்’ என்று வாலில் தனியாக ஒட்டுவது அங்கே பளிச்சென்று தெரியும். தமிழில் ஓர் ‘உம்’முக்குள் மறைந்திருப்பதைப் பார்க்க அதையே கண்ணாடியாகப் பயன்படுத்தலாம்.

‘உம்’ செய்யும் மூன்றாவது வேலை வழக்கம். ‘அப்போதெல்லாம் புழையில் கோடையிலும் தண்ணீர் ஓடும்’ என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? காலம் இறந்தது, நிலை வழக்கம், பாங்கு உறுதி. முக்காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் ‘செய்யும்’ என்ற சொல்லால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியத்தின் வினையியலிலேயே விதி இருக்கிறது. அவ்வளவு பழைய நூல் கண்டதை இன்றைய பயிற்சித்தாள் காணாததற்குக் காரணம், ஆங்கில இலக்கணத்தின் பன்னிரண்டு கால அட்டவணையை வேதவாக்காக எடுத்துத் தமிழ் வினைகளை அதில் திணிப்பது. அதை இலக்கணம் என்பதைவிட மூடநம்பிக்கை என்பதே பொருத்தம். எல்லையோரத் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்து, துண்டு துண்டாகக் குறியிட்டு வைக்கப் பணம் ஒதுக்கியிருந்தால் அட்டவணைக்குப் பதிலாக நல்ல உதாரணங்களே ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கும்.

பயிற்சித்தாளில் வேலை செய்யும்போது விகுதியில் தொடங்க வேண்டாம். முதலில் நேற்று, இப்போது, நாளை மூன்றையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். வாக்கியத்தின் பொருள் மாறாமல் எது ஒட்டுகிறதோ அதிலிருந்து காலம் கிடைக்கும். பிறகு துணைவினையைப் பாருங்கள்: ‘இரு’, ‘விடு’, ‘கொண்டிரு’ நிலையைக் காட்டும். விகுதியின் பாங்கைக் கடைசியில் சோதியுங்கள். ‘மூணாறில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கும்’ என்பதை இந்த வரிசையில் எடுத்தால் நிகழ்காலம், தொடர்நிலை, ஊகம் என்று மூன்றும் தனித்தனியாக வந்து நிற்கும்.

இந்த வரிசை தடுமாறும் இடங்களும் உண்டு. ‘போயிருக்க வேண்டும்’ அவற்றில் ஒன்று. ‘விளக்கு அணைந்திருக்கிறது, அவர் போயிருக்க வேண்டும்’ என்றால் ஊகம். ‘நீ நேற்றே போயிருக்க வேண்டும்’ என்று அம்மா திட்டினால் அது செய்யத் தவறிய கடமை. பின்னால் ‘ஏன் போகவில்லை?’ என்று கேட்க முடிந்தால் இரண்டாவது வகை. இன்னோர் இடம் எதிர்மறை. ‘போகவில்லை’ இறந்தகாலம், நிகழ்காலம் இரண்டுக்கும் பொது. ‘பஸ் நேற்று போகவில்லை’, ‘இப்போதெல்லாம் பஸ் அந்த வழியாகப் போகவில்லை’ இரண்டிலும் வினைவடிவம் ஒன்றே. காலச்சொல் இல்லாமல் ‘போகவில்லை’யை மட்டும் கொடுத்துக் காலம் கேட்டால், இரண்டும் பொருந்தும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் காட்டுங்கள்.

மாணவியின் வாக்கியத்துக்கு விடை இது: செயல் பேசும் நேரத்துக்கு முந்தையது, நிலை முடிவுற்றது, பாங்கு ஊகம். தாளில் ‘காலம்’ என்ற ஒரே கட்டம்தான் இருக்கிறது என்றால் ‘இறந்தகாலச் செயல், ஊகமாகச் சொல்லப்பட்டது’ என்று எழுதி, பக்கத்தில் ‘நேற்றே போயிருக்கும்’ என்ற சோதனை வாக்கியத்தையும் சேர்த்துவிடுங்கள். திருத்துபவர் எதிர்காலம் என்று கேட்டால் காட்ட அது உதவும்.