நூறு சிட்-அப்பும் பத்து கிராம் அல்வாவும்

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு, இந்தத் தொந்திக்கு மட்டும் ஒரு எக்ஸர்சைஸ் சொல்லுங்க." பிசியோதெரபி அறைக்குள் வருகிறவர்கள் இப்படிக் கேட்பது பழகிப்போன விஷயம். ஆனால் இப்போது பலர் கேட்கக்கூட வருவதில்லை. வீட்டிலேயே தினம் இருநூறு சிட்-அப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஏன் செய்தீர்கள் என்றால், "யூடியூபுல அப்படித்தான சொல்லுதாங்க" என்று பதில். நடுமுதுகு வலி ஒரு பக்கம், இரண்டு மாதமாகியும் ஓர் அங்குலம்கூடக் குறையாத தொந்தி மறு பக்கம்.

எந்த இடத்தில் தசையை வேலை வாங்குகிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது பொய். தசைக்கு எரிபொருள் அதன் மேலே ஒட்டியிருக்கும் கொழுப்பிலிருந்து நேராக வருவதில்லை, இரத்தத்திலிருந்து வருகிறது. அந்த இரத்தத்தில் தொடை, முதுகு, கை, வயிறு என்று எல்லா இடத்திலிருந்தும் கசிந்த கொழுப்பு கலந்திருக்கும். நம் திருநெல்வேலிப் பக்கம் சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கிறது. அதற்குக் கீழே மோட்டார் வைத்து இறைக்கிறவர், "எனக்குச் சிற்றாற்றுத் தண்ணி மட்டும் போதும்" என்று சொல்ல முடியுமா? வயிற்றுத் தசையும் அப்படித்தான், வந்ததை எடுத்துக்கொள்ளும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1971-ல் டென்னிஸ் வீரர்களின் கைகளை அளந்தார்கள். மட்டை பிடிக்கும் கையில் தசை பெரிதாக இருந்தது, ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றுதான். 1984-ல் வெளியான இன்னொரு ஆய்வில் ஆண்கள் 27 நாளில் ஆளுக்கு 5,004 சிட்-அப் போட்டார்கள். முன்னும் பின்னும் வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலிருந்தும் ஊசி போட்டுக் கொழுப்பை எடுத்துப் பார்த்ததில், வயிற்றுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. ஐயாயிரம் போட்டவருக்கே இதுதான் கதி.

சரி, அந்த நூறு சிட்-அப் எவ்வளவு எரிக்கிறது? 80 கிலோ எடையுள்ளவர் விடாமல் போட்டால் ஐந்து நிமிடம் ஆகும். ஓய்வாக இருந்தாலே செலவாவதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சுமார் 35 கலோரி. நம் ஊர் கோதுமை அல்வா நூறு கிராமில் ஏறத்தாழ 400 கலோரி இருக்கும். ஆக, நூறு சிட்-அப்பும் பத்து கிராம் அல்வாவும் சரிக்குச் சரி. ருசி பார்க்கக் கையில் வைக்கும் துண்டே அதைவிடப் பெரிது. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. கணக்கை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தொந்தியில் இரண்டு வகை உண்டு. விரலால் கிள்ளிப் பிடித்தால் கொத்தாக வருவது தோலுக்கடிக் கொழுப்பு. கிள்ளினால் கொஞ்சம்தான் வருகிறது, ஆனால் வயிறு பானைபோல் கெட்டியாக முன்தள்ளி நிற்கிறது என்றால், குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே தேங்கியிருக்கும் கொழுப்பு அதிகம். அது வயிற்றுத் தசைக்குப் பின்னால் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவதும் இதுதான். ஆனால் ஒரு நல்ல சேதி உண்டு: மொத்த எடை குறைய ஆரம்பித்தால் பெரும்பாலும் இதுதான் முதலில் கரைகிறது. கிள்ளிப் பிடிபடும் கொழுப்பு, அதுவும் அடிவயிற்றில் இருப்பது, கடைசிவரை அடம்பிடிக்கும். எங்கே முதலில் குறையும் என்பதை உங்கள் பரம்பரையும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன.

அப்படியானால் எதைச் செய்வது? டவுனில் கடை வைத்து, காலை முதல் இரவுவரை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் 45 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 80 கிலோ, இடுப்பு 102 செ.மீ. வாரம் இரண்டு இரவு மூன்று பரோட்டா, சால்னா. மதியம் தட்டு நிறையச் சோறு, வழியச் சொதி. நாளுக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி.

பரோட்டாவை வாரம் ஒரு முறை, இரண்டோடு நிறுத்தி, இன்னொரு இரவு இட்லிக்குப் போனால் வாரத்துக்கு 900 கலோரி மிச்சம். மதியச் சோற்றில் நூறு கிராம், அதாவது ஒரு சின்னக் கரண்டி அளவு, குறைத்தால் இன்னொரு 900. சீனியைப் பாதியாக்கினால் 550 வரும். வாரம் ஆறு நாள் 45 நிமிடம் வேகமாக நடந்தால் சுமார் 1,200. வேகம் என்றால், கூட வருபவரிடம் பேச முடியும், பாட்டுப் பாட முடியாது. வ.உ.சி. மைதானத்தில் நாலு பேர் கைகோத்து அரசியல் பேசிக்கொண்டு சுற்றுவது நடைப்பயிற்சி அல்ல, மன்னிக்கவும்.

மொத்தம் வாரம் 3,500-க்குச் சற்று மேல். பன்னிரண்டு வாரத்துக்குக் காகிதக் கணக்கில் ஐந்தரை கிலோ. நிஜத்தில் மூன்று, நாலு கிலோதான் இறங்கும், ஏனென்றால் எடை குறையக் குறைய உடல் செலவழிப்பதும் குறைகிறது, நாமும் அறியாமல் ஒரு வாய் கூடத் தின்கிறோம். கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் 102, 98 ஆகும். பெல்ட்டில் ஒன்றரை ஓட்டை. சின்னதாகத் தெரிகிறதா? இதுதான் நிஜமான வேகம். இதோடு வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், தண்டால், ஏதாவது எடை தூக்குதல், தட்டில் முட்டையோ மீனோ பயறோ சேர வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் போய்விடும்.

அளப்பதில் செய்யும் தப்பைச் சொல்லாமல் விட முடியாது. பேண்ட் சைஸ் இடுப்பளவு அல்ல. தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு "பத்து வருஷமா 36 தான்" என்பவர்களை நம்பாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், நின்றபடி, மூச்சை இயல்பாக விட்டு, டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில் அளந்தால் போதும்.

வியர்வை பெல்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது வெளியேற்றுவது தண்ணீர். ஒரு சொம்பு குடித்ததும் எடை திரும்பிவிடும்.

பிரசவமான தாய்மார்களிடம் ஒரு வேண்டுதல். படுத்தபடி தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுக்கோட்டில் கூரைபோல் ஒரு மேடு எழுந்தால், தசை பிரிந்திருக்கிறது என்று பொருள். சிட்-அப் அதை இன்னும் மோசமாக்கலாம், தயவுசெய்து முதலில் காட்டிக்கொள்ளுங்கள். குடலிறக்கம், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இதேதான். வயிற்றுத் தசையைப் பலப்படுத்த ஆசையிருந்தால் பிளாங்க் செய்யுங்கள், முதுகுக்கு நல்லது. தொந்தி கரையும் என்று எதிர்பார்க்காமல் செய்யுங்கள்.

கையும் காலும் மெலிய, வயிறு மட்டும் சில வாரங்களில் பெருத்து, பாதத்தில் வீக்கமும் சேர்ந்தால் அது கொழுப்பாக இருக்காது. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். நடைப்பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.