வீக்கம் வடிந்த பிறகும் தடுமாறும் கணுக்கால்

வாலிபால் ஆட்டத்தில் வலையருகே தாவி இறங்கும் ஒருவரின் கால், சக வீரரின் பாதத்தின் மேல் பட்டு உட்புறமாக மடங்கிவிடுவதாகக் கொள்வோம். அப்போது பெரும்பாலும் முதலில் கிழிவது, கணுக்காலின் வெளிப்பக்க எலும்பையும் அதற்கு முன்னால் உள்ள பாத எலும்பையும் இணைக்கும் சிறிய தசைநார்தான். அடிபட்டவரால் நான்கு அடி கூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது கடுமையாக வலித்தாலோ, எலும்பு முறிவா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறை.

முறிவில்லை என்று தெளிந்தபின், முதல் இரண்டு மூன்று நாட்களின் வேலை வீக்கத்தை அடக்குவது. விரல்களின் அடிப்பகுதியிலிருந்து மேல்நோக்கி எலாஸ்டிக் பேண்டேஜைச் சுற்றி, படுத்த நிலையில் காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும்; விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாரித்தாலோ கட்டைத் தளர்த்திவிட வேண்டும். ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்கும், ஆனால் கிழிந்ததை ஆற்றாது. இலேசான சுளுக்கில், வலி தாங்கும் அளவுக்குக் கால் ஊன்றி நடக்கத் தொடங்குவது, வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பதைவிட நல்லது.

இரண்டாம் வாரத்தில் வீக்கம் வடிந்து, நடையும் ஏறக்குறைய சரியாகிவிடும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தசைநார் வெறும் கயிறு அல்ல. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர்த்தும் நரம்பு முனைகளும் அதில் உள்ளன. சுளுக்கில் அந்த உணர்வு மங்குவதால், பாதம் மடங்கும்போது அதை இழுத்து நிறுத்த வேண்டிய காலின் வெளிப்பக்கத் தசைகள் தாமதமாகவே இயங்குகின்றன. மீண்டும் மீண்டும் அதே காலே சுளுக்கிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை வீட்டிலேயே கண்டறியலாம். சுவரருகே நின்று, நல்ல காலில் முப்பது விநாடியும், பிறகு அடிபட்ட காலில் அதே அளவும் நின்று பாருங்கள். அடிபட்ட காலில் பெருவிரல் தரையை விட்டு எழும்புவதும், பாதத்தின் வெளிவிளிம்பு ஓயாமல் நடுங்குவதும் தெரியும். கண்ணை மூடினால் வேறுபாடு இன்னும் கூடும். அதுவரை கண்தான் காலின் குறையை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும். முதலில் கண் திறந்து, பிறகு மூடி, பிறகு தலையணை மேல், கடைசியாக ஒற்றைக்காலில் நின்றபடி பந்தைப் பிடித்து எறிவது என்று, முந்தைய படி உறுதியான பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும்.

களத்துக்குத் திரும்பும் நாளைக் காலண்டர் தீர்மானிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நேர் ஓட்டம், திசை மாற்றி ஓடுதல், தாவி இறங்குதல் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் வலியின்றி முடிய வேண்டும். ஒற்றைக்காலில் பக்கவாட்டில் தாவி இறங்கும்போது நல்ல காலைப் போலவே அடிபட்ட காலும் அசையாமல் நிற்க வேண்டும். மறுநாள் காலையில் கணு மீண்டும் வீங்கியிருந்தால், முந்தைய படிக்கு இறங்கிவிட வேண்டும். தசைநார் முழு வலிமை பெறப் பல மாதங்கள் ஆகும் என்பதால், அதுவரை ஆட்டத்தின்போது கணுக்கால் பிரேஸ் அணிவதும், ஒற்றைக்கால் பயிற்சியைத் தொடர்வதும் தேவை.