தகைவும் திரிபும்: ஒரு பாடநூல் பத்தியைத் தமிழாக்கும்போது

பொருள் வலிமை பற்றிய எந்தப் பாடநூலை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் ஏறக்குறைய இப்படி ஒரு பத்தி இருக்கும். தமிழாக்கினால்: “வெளிவிசை ஏறிய பொருள் உருமாறுகிறது. அதை எதிர்த்துப் பொருளுக்குள் எழும் விசை, ஓரலகுப் பரப்பில் எவ்வளவு என்பது தகைவு. ஏற்பட்ட அளவு மாற்றத்துக்கும் தொடக்க அளவுக்கும் உள்ள விகிதம் திரிபு.”

ஆங்கிலத்தில் stress, strain எனப்படுபவற்றுக்குத் தகைவு, திரிபு என்பவை தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சொற்கள். இலங்கையில் தகைப்பு, விகாரம் என்பார்கள். எதை எடுத்தாலும் நூல் முழுக்க ஒன்றையே வைத்துக்கொண்டால் போதும். ஆனால் தகைவுக்குப் பதில் ‘அழுத்தம்’ என்று எழுதிவிட்டால் கணக்கே குழம்பும். அழுத்தம் வெளியிலிருந்து பரப்பைத் தள்ளுவது. தகைவு பொருளின் உள்ளே, வெட்டிப் பார்ப்பதாகக் கற்பனை செய்யும் ஒரு தளத்தில் இருப்பது. இழுவிசையால் வரும் தகைவும் உண்டு. ‘இழுக்கும் அழுத்தம்’ என்று படித்தால் மாணவர் என்னதான் நினைப்பார்! அதேபோல் திரிபை ‘நீட்சி’ என்பதும் தவறு. நீட்சி மில்லிமீட்டரில் வரும். திரிபு வெறும் விகிதம், அலகே கிடையாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளியும். 20 மி.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியை 40 கிலோநியூட்டன் விசை இழுக்கிறது என்று கொள்வோம். அது சுமார் நான்கு டன் எடை. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 314 சதுர மி.மீ. விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு சுமார் 127 மெகாபாஸ்கல். தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள விகிதம் யங் குணகம். எஃகுக்கு அது 200 கிகாபாஸ்கல், அதாவது 2,00,000 மெகாபாஸ்கல். தகைவை இந்தக் குணகத்தால் வகுத்தால் திரிபு 0.00064. அதை 2,000 மி.மீ. நீளத்தால் பெருக்கினால் கம்பி நீள்வது 1.27 மி.மீ.

இப்போது அதே அளவுள்ள அலுமினியக் கம்பியை மாட்டுங்கள். விசையும் பரப்பும் மாறவில்லை, எனவே தகைவு அதே 127 மெகாபாஸ்கல்தான். அலுமினியத்தின் குணகம் 70 கிகாபாஸ்கல் என்பதால் திரிபு கிட்டத்தட்ட மூன்று மடங்காகி, நீட்சி 3.6 மி.மீ. ஆகிறது. (இது தாங்கக்கூடிய உலோகக்கலவை என்று கொள்வோம், தூய அலுமினியம் இதற்குள் நெகிழ்ந்து போயிருக்கும்.) நேராக இழுக்கப்படும் இந்தக் கம்பியில் தகைவைக் கணிக்க அது எந்த உலோகம் என்று தெரிய வேண்டியதில்லை. திரிபைக் கணிக்கத் தெரிந்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு, ‘தகைவு இருந்தால் திரிபு இருக்கும், திரிபு இருந்தால் தகைவு இருக்கும்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. மொழிபெயர்ப்பாளரும் ‘தகைவு திரிபை உண்டாக்குகிறது’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுவார். வெப்பநிலை நுழைந்ததும் அது நிற்காது.

ரயில் தண்டவாளத்தைப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் 11.5 பங்கு நீளும். எதிலும் கட்டாமல், தடையின்றி நீள வழியோடு கிடக்கும் தண்டவாளத் துண்டு 30 டிகிரி சூடேறினால் அதன் திரிபு 0.000345, தகைவு சுழி. எதிர்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் உள்விசையும் இல்லை.

இடைவெளி விடாமல் பற்றவைத்த நெடுந்தண்டவாளத்தில் நடப்பது நேர்மாறு. அதன் நடுப்பகுதியை ஸ்லீப்பர்களும் ஜல்லியும் நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நீளம் மாறவில்லை, மொத்தத் திரிபு சுழி. ஆனால் நீள முடியாமல் தடுக்கப்பட்ட அந்த 0.000345, குணகத்தால் பெருக்கப்பட்டு, 70 மெகாபாஸ்கல் அளவுக்கு அமுக்கத் தகைவாக உள்ளே தங்குகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் பரப்பு சுமார் 7,690 சதுர மி.மீ. என்பதால், ஒரு தண்டவாளத்துக்குள் மட்டும் 50 டன்னுக்கு மேல் அமுக்குவிசை. ஜல்லியின் பிடி தளர்ந்த இடத்தில் பாதை பக்கவாட்டில் நெளிந்து பிதுங்குவது இதனால்தான்.

நூலின் பத்தியில் ‘அளவு மாற்றம்’ என்று மட்டும் இருந்தால், இந்தத் தண்டவாளத்தை அது விளக்காது. தகைவோடு யங் குணகம் வழியே தொடர்புடையது, மொத்தத் திரிபிலிருந்து வெப்பத்தால் வரவேண்டிய திரிபைக் கழித்த மீதிதான். வெப்ப அத்தியாயத்தை மொழிபெயர்க்கும்போது ‘மொத்தத் திரிபு’, ‘வெப்பத் திரிபு’ என்று பிரித்து எழுதுவது அதற்காகவே.

டேப்பை வைத்து அளந்தால் நெடுந்தண்டவாளத்தின் தகைவு தெரியாது. நீளம்தான் மாறவே இல்லையே. அதைக் கண்டறியும் பழைய வழிகளில் ஒன்று, தண்டவாளம் இழுவிசையில் இருக்கும் குளிர்ந்த வேளையில், கிளிப்புகளைக் கழற்றி அதை அறுத்துவிடுவது. அறுத்த முனைகள் விலகும் தூரத்தை, கழற்றிவிட்ட நீளத்தால் வகுத்தால், அதுவரை அடங்கிக் கிடந்த திரிபு கிடைக்கும். அதைக் குணகத்தால் பெருக்கினால் தகைவு.