எக்ஸ்கவேட்டரை இறக்குவதற்கு முன் ஒரு வாக்கியம்

ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் நாலு ஏக்கர், அஞ்சு ஏக்கர் வைத்திருக்கிற நம்ம ஆட்களுக்குச் செம்பனை மறுநடவு வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். 25 வயது தாண்டிய மரம் குலை வெட்ட எட்டாத உயரத்துக்குப் போய்விடும், காய்ப்பும் குறையும். அப்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள். லோ லோடரில் எக்ஸ்கவேட்டர் வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து காசு ஓடும். ஆனால் என் பயம் காசைப் பற்றியது கூட இல்லை. சாய்த்த மரத்தை யாராலும் நிமிர்த்த முடியாது, புதுக் கன்று காய்ப்புக்கு வர ஏறக்குறைய 30 மாதம் ஆகும், நட்ட இடைவெளி தப்பானால் அந்தத் தப்பு அடுத்த 25 வருடம் வரிசையாக நின்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் லோ லோடருக்குச் சொல்வதற்கு முன்னால், நான் என்ன செய்யப் போகிறேன் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். பதில் வராமல் இயந்திரம் நகராது.

இப்படி ஒரு வேலை. கூப்பிட்டவர் ஷா ஆலாமில் இருக்கிற மகன். அப்பா தவறிய பிறகு நிலம் அம்மா பெயரில். "அண்ணே, அந்த அஞ்சு ஏக்கர்ல பழைய மரத்தையெல்லாம் தள்ளிட்டு கன்னு போட்டுடுங்க, 29 அடி போதும்னு சொல்றாங்க" என்றார். கேட்கும்போது இதில் குழப்பம் ஏதும் தெரியாது, தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கிவிடலாம் போலத்தான் இருக்கும். நான் அனுப்பியது இது:

"உங்கள் 5 ஏக்கரிலும் நிற்கிற செம்பனை ஒன்றுவிடாமல் சாய்த்து, 4 அங்குலக் கனத்துக்குத் துண்டு போட்டுப் பரப்பி, மரத்துக்கு மரம் 29 அடி, வரிசைக்கு வரிசை 25 அடி முக்கோண நடவில் மொத்தம் 300 கன்று வைப்பேன், வேலியோரப் பலாவையும் முனியாண்டி மேடை மரத்தையும் தொட மாட்டேன், சரிதானே தம்பி?"

மகன் உடனே கட்டைவிரல் படம் போட்டார். நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். அன்று ராத்திரி அம்மாவே போன் பண்ணிவிட்டார். "ஐயோ தம்பி, ஒன்னுவிடாமலா? பின்னால வடிகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கரு அவரு கடைசியா வச்சது, ஏழு வருசம்கூட ஆகல, இப்பதான் நல்லா காய்க்குது!" மகனுக்கு அது தெரியாது. முன்பக்கம் நின்று பார்த்தால் உயர்ந்த மரங்கள்தான் கண்ணில் படும். 5 ஏக்கர் 4 ஏக்கர் ஆனது, 300 கன்று 240 ஆனது. நாற்றுப் பண்ணைக்கு இன்னும் முன்பணம் கட்டாததால் யாருக்கும் நட்டமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் சொன்ன "பழைய மரம்" என்பதை நான் வாக்கியத்தில் திருப்பிப் போடவில்லை. "பழைய மரங்களைச் சாய்த்துக் கன்று வைப்பேன், சரியா?" என்று கேட்டிருந்தால் அம்மாவும் சரி என்றுதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் அவர் மனதில் பழசு என்றால் முன்பக்கத்து நாலு ஏக்கர், மகன் மனதில் மொத்தத் தோட்டமும். சொன்னவருடைய வார்த்தையையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் அதிலுள்ள குழப்பமும் சேர்ந்தே திரும்பிப் போகும். இயந்திரம் என்ன செய்யுமோ அதை எழுத வேண்டும். "ஒன்றுவிடாமல்" என்று கொஞ்சம் முரட்டுத்தனமாக எழுதினேனே, அது வேண்டுமென்றே எழுதியது. தப்பாக இருந்தால் படிக்கிறவருக்குத் திக்கென்று இருக்கணும்.

அடுத்தது அந்த 29 அடி. பல இடத்தில் வினை இங்கிருந்துதான் வருகிறது. செம்பனையை முக்கோணமாக நடுவோம், ஒரு மரத்திலிருந்து சுற்றியிருக்கிற ஆறு மரமும் ஒரே தூரம். மரத்துக்கு மரம் 29 அடி என்றால் வரிசைக்கு வரிசை 25 அடி சொச்சம்தான் வரும், ஏக்கருக்கு சுமார் 60 கன்று. கன்று வைக்கிற இடத்தைக் குறிக்க முளைக்குச்சி அடிக்கிற ஆட்கள் அந்த 29ஐ வரிசை இடைவெளி என்றும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் 29 அடி பிடித்தால் ஏக்கருக்கு 52 கன்றுதான் போகும். அஞ்சு ஏக்கரில் 40 மரம் காணாமல் போய்விடும், அதுவும் நிலம் காலியாகத் தெரியாது, பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். பக்கத்து ஊரில் ஒரு தோட்டம் இப்படியே நிற்கிறது. கடைசியில் கன்று மிச்சமானபோதுதான் கேள்வியே வந்ததாம், அதற்குள் குழி எடுத்து நட்டு முடித்தாகிவிட்டது.

அதனால்தான் என் வாக்கியத்தில் மரத்துக்கு மரம், வரிசைக்கு வரிசை, மொத்தக் கன்று என்று மூன்று எண்ணும் வரும். ஒன்று தப்பானால் மற்ற இரண்டோடு ஒட்டாது. முளைக்குச்சி அடிக்கிற ஆட்களுக்கும் இதே எண்களைத்தான் கொடுப்பேன், அவர்களோடு மலாயில் பேசினாலும் எண் மாறாது. முதல் மூன்று வரிசைக்குக் குச்சி அடித்ததும் நாடாவைப் பிடித்து வரிசை இடைவெளியை அளப்பேன். 25க்குப் பதில் 29 என்றால் அங்கேயே நிறுத்தம்.

எதைத் தொட மாட்டேன் என்பதையும் எழுதிவிடுவது நல்லது. கேட்காமலே விட்டுவிடுகிற விஷயம் இதுதான். முனியாண்டி மேடை மரத்தை யாரும் "வெட்டாதே" என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், யாருக்குத்தான் வெட்டத் தோன்றும் என்று நினைப்பார்கள். எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவர் வெளியூர்க்காரராக இருந்தால் அவருக்கு அதுவும் ஒரு மரம்தான்.

எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்தில் திணிக்கக் கூடாது. தவணை, மழையில் வேலை நின்றால் யார் செலவு, செத்த கன்றுக்கு மாற்று, இதெல்லாம் ஒப்பந்தத் தாளுக்குப் போகட்டும். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் படிக்காமலே கட்டைவிரல் விழும். அந்தக் கட்டைவிரலில் எனக்கு நம்பிக்கை குறைவு. "மொத்தம் எத்தனை கன்று என்று ஒருதடவை நீங்களே டைப் பண்ணிடுங்க" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் எரிச்சல்படுவார்கள், படட்டும். அரை நாள் புல் வெட்டுகிற வேலைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, அதற்கு வாய்ச்சொல்லே போதும்.

வாக்கியம் ஒருதடவை சரியானாலும் நிலம் மாற்றிவிடும். மேலே சொன்ன அதே தோட்டத்தில் சாய்க்க ஆரம்பித்தபோது, அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்த மரங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். கனோடெர்மா என்கிற அடித்தண்டு அழுகல் நோய். அந்த மரங்களைச் சாய்த்துத் துண்டு போட்டால் மட்டும் போதாது, அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்கணும், இல்லையென்றால் மண்ணுக்குள் கிடக்கிற அந்த வேரிலிருந்தே புதுக் கன்றுக்கு நோய் தொற்றும். தோண்டுவதற்கு இயந்திர மணி கூடும், நாம் பேசிய வேலை அது இல்லை. இயந்திரத்தை ஓரமாக நிறுத்திவிட்டு அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்துப் புது வாக்கியம் அனுப்பினேன்: "காளான் பிடித்த மரங்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருக்கிறேன், அவற்றின் அடிக்கட்டையை மட்டும் வேரோடு தோண்டி எடுப்பேன், இதற்கு இரண்டு நாள் கூடுதலாகும், மற்றதெல்லாம் முன்பு பேசியபடி." இந்தத் தடவை மகன் கட்டைவிரல் போடவில்லை. சாயம் அடித்தது எத்தனை மரம் என்று திருப்பிக் கேட்டார்.