விண்டோஸ் அப்டேட் பாதியில் தோற்றால் பழைய விண்டோஸ் எங்கிருந்து திரும்பி வருகிறது?

கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், கடை லேப்டாப்பை 11-க்கு மாற்ற முயன்றிருக்கிறார். முக்கால்வாசி ஓடியபின் திரை கறுத்து, Restoring your previous version of Windows என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய விண்டோஸ் 10 அப்படியே வந்து நின்றது. “அழிந்துபோனது எப்படி சார் திரும்பி வந்தது? மறுபடி போடலாமா, பயமாக இருக்கிறது” என்று கேட்டிருந்தார்.

அது அழியவே இல்லை. அதன் முகவரி மட்டும் மாறியிருந்தது. அதைப் புரிந்துகொண்டால், எவ்வளவு இடம் வேண்டும், பேக்கப் எதற்கு, தோற்றால் என்ன செய்வது எல்லாம் தானாகவே விளங்கும்.

நிலத்துக்குப் பட்டா மாற்றுகிறோம் அல்லவா? பத்து ஏக்கரானாலும் பத்து சென்ட்டானாலும் மண் நகர்வதில்லை. தாலுகா அலுவலகப் பதிவேட்டில் ஒரு பெயர் மாறுகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையிலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதன் தரவு டிஸ்கில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு சினிமா கோப்பை C டிரைவுக்குள்ளேயே வேறு ஃபோல்டருக்கு நகர்த்திப் பாருங்கள், கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். அதையே பென் டிரைவுக்கு அனுப்பினால் டீ குடித்துவிட்டு வரலாம். முதலில் பதிவேட்டு வரி மட்டும் மாறுகிறது. இரண்டாவதில் மண்ணையே லாரியில் ஏற்றுகிறோம்.

பெரிய அப்டேட் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, C:\$WINDOWS.~BT என்ற மறைவான ஃபோல்டருக்குள் புதிய விண்டோஸ் முழுதாக விரித்து வைக்கப்படுகிறது. நேரம் பிடிக்கும் வேலை இதுதான். அப்புறம் ரீஸ்டார்ட். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன்னைத்தானே நகர்த்த முடியாது. அதனால் ஒரு குட்டி விண்டோஸ் எழுந்து, பழையதை Windows.old என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, புதியதை C:\Windows என்ற இடத்துக்குக் கொண்டுவருகிறது. இரண்டுமே பதிவேட்டு மாற்றங்கள்தான். பல ஜிபி எடையுள்ள ஒரு இயங்குதளம் ஒரு பைட் தரவும் நகராமல் வீடு மாறிவிடுகிறது! எத்தனையோ முறை இதைப் பார்த்திருக்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை. வேலையின் பெரும்பகுதியை இப்படி ரீஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே முடிப்பதால், கணினி முடங்கிக் கிடக்கும் சராசரி நேரம் 82 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாகக் குறைந்தது என்று 2018-ல் மைக்ரோசாஃப்ட் சொன்னது.

அடுத்தடுத்த ரீஸ்டார்ட்களில் சாதனங்களும் பயனர் கணக்குகளும் புதியதோடு இணைகின்றன. எங்காவது இடறினால், பெயர்களைத் திருப்பி மாற்றினால் போதும், பழையது பழைய முகவரிக்கு வந்துவிடும். நடுவில் கரண்ட் போனால்? எந்த வரியை மாற்றப்போகிறது என்பதை என்டிஎஃப்எஸ் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் மாற்றுகிறது. மறுபடி உயிர் வரும்போது அதைப் பார்த்து அரைகுறை மாற்றத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆனாலும் இந்தப் பாதுகாப்பு பதிவேட்டுக்குத்தான், ஒட்டுமொத்த அப்டேட்டுக்கும் இல்லை. அதனால் சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள். புதுக் காரியம் என்று ராகுகாலம் பார்க்கிறவர்களை அறிவேன். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதியில் என்றைக்கு என்று பாருங்கள், அதில் உண்மையான பயன் இருக்கிறது.

இப்போது இடத்துக்கு வருவோம். பழையதும் புதியதும் ஒரே டிஸ்கில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதால்தான் காலி இடம் கேட்கிறார்கள். வாசகரின் லேப்டாப்பில் 128 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் அது 119. அதில் காலியாக இருந்தது 21. குறைந்தது 20 தேவைப்படும் வேலைக்கு இது விளிம்பு. நான் 30 இல்லாமல் தொடங்க மாட்டேன். வாடிக்கையாளர்கள் அனுப்பிய பழைய பிடிஎஃப்கள் Downloads ஃபோல்டரில் குவிந்திருந்தன. அவற்றை வெளி டிஸ்குக்கு மாற்றியதும் 34 ஆனது.

Windows.old இருக்கிறதே, அப்புறம் பேக்கப் எதற்கு என்று தோன்றும். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த 1809 என்ற அப்டேட்டை நினைத்துப் பாருங்கள். Documents போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்த சிலருக்கு, பழைய இடத்திலிருந்த ஃபோல்டரைக் காலி என்று எண்ணி, அதில் மிச்சமிருந்த கோப்புகளோடு சேர்த்து அது அழித்துவிட்டது. வெளியீட்டை மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே நிறுத்தி, நவம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. அங்கே அப்டேட் தோற்கவில்லை, வெற்றிகரமாகவே முடிந்தது. கோப்புகள்தான் போயின. ஆகவே முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்து, அதை வேறு கணினியில் செருகி இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிறகு அப்டேட் முடியும்வரை அந்த டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், கணினி தொடங்கும் விதம் மாறும்போது அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அதோடு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு விண்டோஸை ஏற்றி வைத்துக்கொண்டால், கணினி எழவே மறுத்தாலும் அதிலிருந்து எழுப்பிப் பழுது பார்க்கலாம்.

வாசகருக்கு ஏன் தோற்றது? திரையில் வந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தார், நல்ல பழக்கம்: 0xC1900101 - 0x30018. முதல் பாதி பெரும்பாலும் டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள், செய்த கோளாறைச் சொல்லும். இரண்டாம் பாதியில் 0x-க்கு அடுத்த இலக்கம் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று காட்டும். 1 என்றால் ரீஸ்டார்ட்டுக்கு முன்பு, 2 என்றால் குட்டி விண்டோஸில், 3 என்றால் புதியது முதல்முறை எழும்போது. ஆக அவருடைய புதிய விண்டோஸ் தன் இடத்துக்கு வந்து கண் விழித்திருக்கிறது. அதன்பின் ஏதோ ஒரு சாதனத்தின் டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. கடையில் இரண்டு பிரின்டர், ஒரு ஸ்கேனர், ஒரு விரல்ரேகைக் கருவி. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். விரல்ரேகைக் கருவியின் பழைய மென்பொருளை நீக்கிவிட்டுப் போட்டதும் ஏறிவிட்டது.

இந்த முறையும் ஓரிடத்தில் சதவீதம் அசையாமல் நின்றிருக்கிறது. டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததால் பவர் பட்டனைத் தொடாமல் காத்திருந்தார்.

Windows.old வழக்கமாக 10 நாளில் தானாக அழிந்துவிடும். அதற்குமேல் பழையதற்குத் திரும்ப முடியாது. அந்த 10 நாளுக்குள், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைக் கொடுத்தால் கெடு 60 நாளாகும்:

```
DISM /Online /Set-OSUninstallWindow /Value:60
```

வாசகர் 60 கொடுத்திருக்கிறார். மாதக் கடைசியில்தான் பெரிய பிரின்டரில் வேலை வருமாம், அது ஓடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். அதுவரை இடம் பற்றாக்குறை என்று Windows.old-ஐ மட்டும் அழித்துவிட வேண்டாம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.