செயற்கைக்கோளா, செய்மதியா?

"லூனா 1, சூரியனைச் சுற்றிய முதல் செயற்கைக்கோள்" என்ற வரியை மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. முந்தின பத்தியிலேயே ஸ்புட்னிக்கை முதல் செயற்கைக்கோள் என்று சொல்லியிருப்பார்கள். படிக்கிற பிள்ளை இரண்டும் ஒரே வகை என்றுதான் நினைக்கும். ஆனால் அவை ஒரே வகை இல்லை: ஸ்புட்னிக் பூமியைச் சுற்றியது, லூனா 1 சூரியனை.

ரஷ்ய மொழியில் 'புத்' என்றால் வழி. ஸ்புட்னிக் என்றால் வழித்துணை. நிலவு போன்றவற்றையும் அவர்கள் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். சாட்டிலைட் என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லும் கூடவே செல்லும் காவலாளைக் குறித்தது; வியாழனின் நிலவுகளுக்கு அதை 1611இல் கெப்ளர் பயன்படுத்தினார். தமிழில் இதற்கு நேரான சொல் துணைக்கோள். செயற்கைக்கோள் என்பதில் அந்தத் 'துணை' இல்லை. கோள் என்று நாம் இன்று சொல்வது சூரியனைச் சுற்றும் பூமியையும் செவ்வாயையும்தான்.

ஸ்புட்னிக் எப்படிப் போனது என்று பார்த்தால், 'துணை' ஏன் முக்கியம் என்பது விளங்கும். 1957 அக்டோபர் 4 இரவு, கசகஸ்தானின் தியூராத்தாமிலிருந்து ஆர்-7 ராக்கெட் கிளம்பியது. அது அணுகுண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோகச் செய்த ஏவுகணை. அதன் மேல் வைக்க முதலில் திட்டமிட்டது ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஆய்வுக்கூடம். அது தாமதமானதால், அமெரிக்கா முந்திவிடும் என்று பயந்த சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் கொரோலேவ், 58 செ.மீ. விட்டமும் 83.6 கிலோ எடையும் உள்ள ஓர் எளிய உருண்டையை ஏற்றினார். உள்ளே மின்கலங்களும் ஒரு வானொலி அனுப்பியும் இருந்தன. ஏறும்போது எரிபொருளைச் சீராக்கும் அமைப்பு பழுதானதால் என்ஜின் ஒரு நொடி முன்பே நின்றுவிட்டது. அதனால் பாதையின் உச்சி திட்டமிட்டதைவிடத் தாழ்ந்தது. ஆனாலும் உருண்டை 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. (வெறும் கண்ணால் மக்கள் பார்த்தது பெரும்பாலும் அந்த உருண்டையை அல்ல, பின்னாலேயே சுற்றிவந்த ராக்கெட்டின் நடுப்பகுதியை.)

இப்படித் திரும்பத் திரும்பத் தலைக்கு மேல் வந்ததால்தான் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் கையர், வீஃபன்பாக் என்ற இருவர் அதன் 'பீப்' ஒலியைப் பதிவு செய்தார்கள். அது நெருங்கி வரும்போது அலைவெண் சற்றுக் கூடியது, விலகிப் போகும்போது குறைந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து அதன் பாதையையே கணக்கிட்டுவிட்டார்கள். அப்புறம் அவர்களுடைய மேலதிகாரி மெக்ளூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: பாதை தெரிந்தால், கேட்கிறவர் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியுமா? முடிந்தது. கடலில் இருக்கும் நீர்மூழ்கிகள் தம் இடத்தை அறிய டிரான்சிட் என்ற அமைப்பு அதிலிருந்து பிறந்தது. இன்றைய ஜிபிஎஸ்ஸுக்கு அதுதான் முன்னோடி.

லூனா 1 கதை வேறு. 1959 ஜனவரியில் நிலவில் மோதுவதற்காக அனுப்பினார்கள்; சுமார் 6,000 கி.மீ. தள்ளிப்போய்த் தவறிவிட்டது. பூமியின் பிடியை விட்டு விலகி, சூரியனைத் தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. சோவியத் பத்திரிகைகள் அதை 'செயற்கைக் கிரகம்' என்று எழுதின. சரியான பெயர். தமிழில் சொன்னால் செயற்கைக்கோள்! ஆனால் அந்தச் சொல்லைப் பூமியைச் சுற்றும் பொருளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதனால் உண்மையான செயற்கைக்கோள் வந்தபோது அதற்கென்று வைக்க நம் கையில் பெயர் இல்லை.

'செயற்கைத் துணைக்கோள்' சரியானதுதான், ஆனால் நீளம். தலைப்பில் யாரும் போட மாட்டார்கள். இலங்கைத் தமிழர் இதை அழகாகத் தீர்த்துவிட்டார்கள்: செய்மதி. செய்த மதி என்று விரியும் வினைத்தொகை. நான்கே எழுத்து, துணை என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. மதி பூமியின் நிலவுக்கு மட்டும்தானே என்று சிலர் மறுக்கிறார்கள். செவ்வாயின் நிலவுகள், வியாழனின் நிலவுகள் என்று தினமும் எழுதுகிறோமே, அங்கே மட்டும் தடை இல்லையா? 'இலங்கை வழக்கு' என்று சொல்லி நம் பதிப்பாசிரியர்கள் செய்மதியை வெட்டி செயற்கைக்கோள் ஆக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல சொல்லுக்குக் கடவுச்சீட்டு கேட்பது என்ன நியாயம்?

இதைவிடத் தெளிவில்லாதது, எல்லாவற்றுக்கும் 'விண்கலம்' என்று எழுதுவது. மனிதர் ஏறிப் போனதா, சுற்றிக்கொண்டிருப்பதா, நிலவில் இறங்கியதா, ஒன்றும் தெரியாது. மொழிபெயர்ப்பவர் மூலத்தில் அந்தப் பொருள் எதைச் சுற்றுகிறது என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும். ஸ்புட்னிக்கை செய்மதி என்றும், லூனா 1ஐ செயற்கைக்கோள் என்றும் எழுதிவிடலாம்.