கறுப்புப் பட்டையையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள்

சில சொற்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்த ஓர் ஆய்வறிக்கையில் இப்படி இரண்டு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"பணி மேற்பார்வையாளர் 14 மூட்டை சிமென்ட் குறைவதைக் கண்டறிந்தார். ██████ கிடங்குச் சாவியைத் தன்னிடமே வைத்திருந்தார்."

தட்டச்சு செய்பவர் அந்தக் கறுப்புப் பட்டையைத் தாண்டிப் போய்விட்டால் என்ன ஆகும்? "பணி மேற்பார்வையாளர் 14 மூட்டை சிமென்ட் குறைவதைக் கண்டறிந்தார். கிடங்குச் சாவியைத் தன்னிடமே வைத்திருந்தார்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். படிப்பவர் முந்தைய வாக்கியத்தில் இருந்தவரையே இதற்கும் எழுவாயாக எடுத்துக்கொள்வார். குறைவைக் கண்டுபிடித்தவர் மேலேயே சந்தேகம் விழுந்துவிட்டது. மூலத்தைக் கையில் வைத்து ஒப்பிட்டால் ஒழிய மெய்ப்பு பார்ப்பவருக்குக்கூட இது தெரியாது. வாக்கியம் உடைந்து நின்றிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். உடையாமல் நிற்பதுதான் இதில் ஆபத்து.

கைபேசியில் படமெடுத்த ஆவணங்களை எழுத்தாக்கித் தருவது என் வேலை. பெரும்பாலும் வழக்கறிஞர்களுக்கும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுபவர்களுக்கும். இந்த வகை ஆவணங்களில் கறுப்புப் பட்டை சாதாரணமாக வரும். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 10-ஆவது பிரிவு, வெளியிடுவதிலிருந்து விலக்குப் பெற்ற பகுதியை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்கிறது. அப்படிக் கொடுக்கும்போது, இது முழு ஆவணம் அல்ல, ஒரு பகுதிதான் என்பதையும், மறைத்ததற்கான காரணத்தையும், அந்த முடிவை எடுத்தவரின் பெயரையும் பதவியையும் பொதுத் தகவல் அலுவலர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அந்த மேல்முறையீடே பெரும்பாலும் பட்டைகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். தட்டச்சுப் பிரதியில் பட்டை இல்லையென்றால், எதைக் கேட்டு மேல்முறையீடு செய்வது?

எழுத்துணரி மென்பொருளை நம்பிவிட முடியாது. கறுப்புச் செவ்வகத்தை அது பெரும்பாலும் படம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டு, இரு பக்கச் சொற்களையும் ஒட்டவைத்துவிடும். சில நேரம் பட்டையின் ஓரத்தை ஒரு கோடாகவோ, பொருளில்லாத எழுத்தாகவோ வாசிக்கும். பிறகு யாரோ அந்தக் குப்பையைச் 'சுத்தம்' செய்வார்கள். இருந்த ஒரே தடயமும் போய்விடும். அதனால் நான் மென்பொருளை ஓட்டுவதற்கு முன்பே, படத்தைப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பட்டை என்று எண்ணித் தாளில் குறித்துக்கொள்வேன். முடித்த பிரதியிலும் அதே எண்ணிக்கை வர வேண்டும்.

சரி, தவிர்க்கக்கூடாது, ஊகித்து நிரப்பலாமா? இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிபர் புஷ்ஷுக்குக் கொடுக்கப்பட்ட, பின் லேடன் பற்றிய உளவுக் குறிப்பை 2004 ஏப்ரலில் சில சொற்களைக் கறுப்படித்து வெளியிட்டார்கள். ஒரு வாக்கியத்தில், எகிப்திய இஸ்லாமிய ஜிகாத் அமைப்பின் ஆள் ஒருவர் "ஒரு ████ உளவு அமைப்பிடம்" சொன்னதாக வருகிறது. டேவிட் நக்காஷ், கிளேர் வீலன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பட்டைக்குள் என்ன இருந்தது என்று கணக்கிட்டார்கள். முதலில் பக்கம் சுமார் அரை பாகை சாய்ந்திருந்ததைச் சரிசெய்தார்கள். அப்புறம் எழுத்துரு ஏரியல் என்று கண்டுபிடித்து, அகராதிச் சொற்களை அதே எழுத்துருவில் அடுக்கி, பட்டையின் அகலத்தில் பொருந்துபவற்றைப் பொறுக்கினார்கள். 1,530 சொற்கள் பொருந்தின. பட்டைக்கு முன்னால் 'ஒரு' என்று பொருள்படும் 'ஆன்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. ஆங்கிலத்தில் உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்தான் அது வரும். இப்படி வாக்கியத்துக்கு ஒத்து வருபவை என்று வடிகட்டியபோது 346 மிஞ்சின. கடைசியில் கண்ணால் பார்த்துக் கழித்து 7-க்கு வந்தார்கள். அந்த ஏழில் 'எகிப்திய' இருந்தது. 'உக்ரேனிய', 'உகாண்டா நாட்டு', 'அதிகாரப்பூர்வமற்ற' என்ற பொருளுள்ள சொற்களும் இருந்தன. அவர்கள் 'எகிப்திய' என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர்கள் தேர்வு நியாயமானதுதான். ஆனால் இவ்வளவு கருவிகளோடு அளந்தவர்களுக்கே ஏழு சொற்கள் மிஞ்சின. கடைசிப் படியைத் தாண்டியது அரசியல் அறிவை வைத்து. நமக்கு வருவதோ கோணலாகப் பிடித்த கைபேசிப் படம். அதில் தாளின் மேல்பக்க எழுத்து ஓர் அகலம், கீழ்ப்பக்க எழுத்து வேறு அகலம். அந்த நிலையில் 'இங்கே இந்தப் பெயர்தான் இருந்திருக்கும்' என்று நிரப்புவது, ஆவணம் சொல்லாததை ஆவணத்தின் வாயில் போடுவது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று அந்த 'ஆன்'. சொல்லைக் கைவிட்ட தட்டச்சாளர், மிச்சமிருக்கும் வாக்கியம் இடிக்கிறதே என்று அதை மெய்யொலிக்கு முன் வரும் 'எ' என்று திருத்தியிருந்தால், அந்தத் தடயமும் அழிந்திருக்கும். தமிழில் இதே வேலையை உருபுகள் செய்கின்றன. பட்டைக்கு வெளியே "-இடம்", "-ஆல்", "-உடைய" என்று ஒட்டிக்கொண்டு நிற்கும்; அவற்றை அப்படியே விட வேண்டும், பக்கத்துச் சொல்லோடு இணைக்கக்கூடாது. அந்த உளவுக் குறிப்பை 2004-இல் செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் எழுத்தாக அச்சிட்டபோது, மறைக்கப்பட்ட பகுதிகள் அடைப்புக்குறியால் காட்டப்பட்டுள்ளன என்று முதலிலேயே ஒரு வரி போட்டு, பட்டை இருந்த இடங்களில் அடைப்புக்குறி வைத்தார்கள். அவ்வளவுதான் முறை.

நான் எழுதுவது [கறுப்புப் பட்டை, சுமார் 2 சொல்] என்று. முழு வரிகள் மறைந்திருந்தால் [3 வரிகள் கறுப்பு]. நீளத்தை அதே வரியில் பக்கத்தில் தெரியும் சொற்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்வேன். படத்தின் கோணல் அந்த இடத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ██ குறிகளை அடுக்கி வரைவதில்லை. ஆறு கட்டம் போட்டால் ஆறு எழுத்து என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள், திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவருக்கோ அது எப்படி ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. பிரதி பொதுவில் வெளியாகப் போகிறது, மறைந்திருப்பது தனிநபர் பெயர் என்றால் நீளத்தையும் எடுத்துவிடுவேன். நீளத்தை வைத்து என்ன செய்யலாம் என்று மேலே பார்த்தோமே. அட்டவணைகளில் கூடுதல் கவனம் வேண்டும்: காலிக் கட்டம் என்றால் அங்கே எதுவும் எழுதப்படவில்லை, கறுப்புக் கட்டம் என்றால் எழுதியதை மறைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி காலியாக விட்டால் கூட்டுத்தொகை ஏன் உதைக்கிறது என்று யாருக்கும் புரியாது.

'அலுவலகம் மறைத்தது' என்று எழுதுவதும் கிடையாது. யார் மறைத்தார்கள் என்று படத்தில் தெரியாது. படமெடுத்தவரே கைபேசியில் பூசியிருக்கலாம். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொன்னால் போதும். விரல் நிழல், மடிப்பு, மைக்கறை இவையெல்லாம் பட்டை அல்ல. பட்டையின் ஓரம் வெட்டியதுபோல் நேராக இருக்கும், நிழலின் ஓரம் மெல்ல மங்கும். சந்தேகம் வந்தால் வேறு வெளிச்சத்தில் இன்னொரு படம் கேட்பேன். அதுவும் கிடைக்காவிட்டால் [தெளிவில்லை] என்று போடுவேன், கறுப்புப் பட்டை என்றல்ல.

மார்க்கர் பேனாவால் தாளில் அடித்த பட்டைகளில் ஒரு தொல்லை உண்டு. மையும் அச்சும் வெளிச்சத்தை வேறுவேறாகத் திருப்புவதால், பளிச்சென்ற விளக்கில் எடுத்த படத்தில் கீழே உள்ள எழுத்து தெரிந்துவிடும். படத்தின் ஒளியைக் கூட்டினாலும் சிலவற்றில் தெரியும். அதை நான் பிரதியில் சேர்ப்பதில்லை, ஒளியைக் கூட்டிப் பார்ப்பதும் இல்லை. பட்டை என்றே குறித்துவிட்டு, 'இந்தப் பக்கத்தில் மை சரியாக மூடவில்லை, படத்தை யாருக்கும் அனுப்பும் முன் கவனியுங்கள்' என்று ஆவணம் கொடுத்தவருக்குத் தனியாகச் சொல்லிவிடுவேன். சில வழக்கறிஞர்கள் 'தெரிகிறதல்லவா, அடித்துக் கொடுங்கள்' என்பார்கள். வேண்டுமென்றால் அவர்கள் பெயரில், அவர்கள் கையால் தனிக் குறிப்பாக எழுதிக்கொள்ளட்டும். என் கையெழுத்து விழும் பிரதியில் அந்த இடத்தில் அடைப்புக்குறிதான் இருக்கும்.